இறுகிய மரை

இதை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவன் எழுதியதை மற்றவன் திருத்தினான். திருத்தியதை முன்னவன் மறுபடியும் மாற்றினான். எங்களுள் எவன் எதைச் சொன்னான் என்பது முக்கியமாகிற இடங்களில் மட்டும் மூத்தவன், இளையவன் என்று குறித்திருக்கிறோம். மற்றபடி நடந்தவை இருவருக்கும் பொது.

அப்பா மின்வாரியத்தில் கணக்கெடுப்பாளராக இருந்தார். கும்பகோணத்திற்குத் தெற்கே வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சென்று, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஏறி, மீட்டரின் எண்ணைப் பார்த்து வெள்ளை அட்டையில் குறித்துத் தருவது அவர் வேலை. அந்த வேலையில் முக்கால் பங்கைச் செய்தது சைக்கிள்தான் என்று அவரே சொல்வார். 1974-ல் வாங்கிய கறுப்பு ஹெர்குலிஸ். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக், சங்கிலியை முழுதாக மூடும் தகரக் கவசம். நாங்கள் இருவரும் குரங்குப் பெடல் பழகியது அதில்தான். அவரோடு போகும்போது இளையவனுக்கு முன்னால் பார்க்கம்பி, மூத்தவனுக்குப் பின்னால் கேரியர். அந்த ஏற்பாட்டைப் பற்றி மூத்தவனுக்குப் பல ஆண்டுகள் மனத்தாங்கல் இருந்தது.

2015-ல் கண்புரை அறுவைக்குப் பிறகு அவர் வண்டியை ஓட்டவில்லை. மாடு விற்கப்பட்டுவிட்ட கொட்டிலில் அதைச் சுவரோரம் நிறுத்தினார். மாடு இருந்த மண்ணின் உப்பும் கூரையின் ஒழுக்கும் அதனை மெல்லத் தின்றன. 2021 மே மாதத்தில் அப்பா இறந்தார். அது கொரோனாவின் இரண்டாம் அலை. மூத்தவன் மஸ்கட்டில் இருந்தான். ஏப்ரல் 24-ஆம் தேதி முதல் இந்தியாவிலிருந்து வருவோருக்கு ஓமன் தடை விதித்திருந்தது. புறப்பட்டு வரலாம், திரும்பிப் போக முடியாது. அவன் வரவில்லை. இளையவன் தனியாகப் பத்தடி தள்ளி நின்று, முழு உடல் கவச உடை அணிந்தவர்கள் செய்த காரியத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினான். அதன்பின் எங்களுக்குள் பேச்சு அம்மாவின் மருந்து, வீட்டு வரி என்ற அளவில் நின்றுவிட்டது.

2023 ஜூலையில் வீட்டை விற்க முடிவாயிற்று. பத்திரப் பதிவுக்குப் பத்து நாட்கள் இருந்தன. மூத்தவன் விடுப்பில் வந்திருந்தான். பழைய இரும்பு வாங்குபவர் கொட்டிலைப் பார்த்துவிட்டு, சைக்கிள் இருபது கிலோவுக்கு மேல் தேறும் என்றார். போட்டுவிடலாம் என்றான் மூத்தவன். "வராதவனுக்கு எல்லாம் எடைதான்" என்றான் இளையவன். இரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல், எடைக்கணக்கின் நடுவே அப்படி வெளியே வந்தது. அம்மாதான் நடுவில் வந்து, "உருண்டா யாருக்காவது குடுங்க. உருளலைன்னா எடைக்குப் போடுங்க. இப்ப ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றாள்.

சக்கரம் உருளவில்லை. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று.

முதல் நாள் பின்சக்கர நட்டில் கை வைத்தோம். எங்களிடம் இருந்தது வாயை விரித்துச் சுருக்கும் ஸ்பானர் ஒன்றுதான். துரு இறுகிய நட்டுக்கு அது ஆகாது. வாய்க்கும் நட்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும், கொடுக்கும் பலம் நட்டின் தட்டையான முகங்களில் விழாமல் ஆறு முனைகளில் விழும். இது எங்களுக்கு அப்போது தெரியாது. மூத்தவன் ஸ்பானரின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி அழுத்தினான். நீளம் கூடினால் பலம் கூடும் என்பது சரிதான். ஆனால் கூடிய பலம் நட்டைத் திருப்பவில்லை, அதன் முனைகளை மழுக்கியது. பத்தே நிமிடத்தில் நட்டு வட்டமாகிவிட்டது. இனி எந்த ஸ்பானரும் அதைப் பிடிக்காது.

வண்டியைத் தள்ளவும் முடியாமல், ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கடைத்தெருவின் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெரியவர் நட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "எண்ணெய் விட்டீங்களா?" என்றார். விட்டோம் என்றோம். "எத்தனை மணி நேரம் ஆச்சு?" அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. எண்ணெய் விட்ட கையோடு திருகியிருந்தோம். துரு இரும்பைவிட இடம் அதிகம் பிடிக்கும். மரையின் பள்ளங்களுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்குள் எண்ணெய் தானாக ஊர்ந்து போக வேண்டும். அதனை வேகப்படுத்த முடியாது. நட்டின் மேல் அவ்வப்போது இலேசாகத் தட்டினால் அதிர்வில் சிறிது கூடுதலாக இறங்கும், அவ்வளவே. பெரியவர் அந்த நட்டைக் காப்பாற்ற முயலவே இல்லை. உளியை ஒரு முகத்தில் வைத்துப் பிளந்து எடுத்தார். "நட்டு போனா போகட்டும், அச்சோட மரை பிழைச்சுதா பாருங்க" என்றார். பிழைத்திருந்தது. மறுபக்கத்து நட்டுக்கு எண்ணெய் விட்டு, காலையில் வரச் சொன்னார். மறுநாள் அது சரியான அளவு ஸ்பானருக்குச் சின்னதாக ஒரு கிறீச்சொலியோடு இணங்கிற்று. சக்கரத்தைப் பிரித்துப் புது கிரீஸ் இட்டதும் சுழன்றது.

பெரியவரின் கடையில் வேலை செய்ய இடம் கொடுத்தார், கருவிகளும் கொடுத்தார். தானாகக் கையை வைப்பதில்லை. நாங்கள் கெடுத்த பிறகுதான் வருவார்.

இரண்டாம் நாள் பெடல் தண்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் தண்டையும் நடு அச்சையும் சேர்த்துப் பிடிப்பது காட்டர் பின் என்னும் சிறிய ஆப்பு. அதன் ஒரு பக்கம் சாய்வாக அராவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு அச்சில் வெட்டிய பள்ளத்தோடு பொருந்தி இறுகும். மெல்லிய நுனியில் ஒரு நட்டு. நட்டைத் தளர்த்தி, அந்த நுனியில் தட்டினால் பின் வந்த வழியே திரும்ப வேண்டும். இளையவன் தட்டினான். சிறு சுத்தியால் மெல்ல மெல்ல, இருபது முப்பது அடிகள். மென்மையாகச் செய்வது பொறுமை என்று அவன் எண்ணியிருந்தான். பின் அசையவில்லை, நுனி நசுங்கி வளைந்தது.

இம்முறை பெரியவர் சற்றே சினந்தார். தண்டுக்கு அடியில் எதுவும் முட்டுக் கொடுக்கவில்லை என்பதே முதல் பிழை. முட்டு இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் தண்டு வழியாக அச்சுக்குள் இருக்கும் குண்டுகளுக்குப் போய் அங்கே கரைந்துவிடும். பின் அதை உணர்வதே இல்லை. மறுபக்கத்துப் பின்னுக்கு அவர் காட்டிக் கொடுத்தார். பின்னின் தலை உள்ளே நுழையுமளவு வாயுள்ள இரும்புக்குழாய்த் துண்டைத் தரையிலிருந்து தண்டு வரை சரியான உயரத்தில் நிறுத்தினார். நட்டை முழுதும் கழற்றாமல், மரையின் நுனியோடு சமமாக இருக்கும்படி விட்டார். அடி விழும்போது மரை நசுங்காமல் நட்டு தாங்கும். பிறகு கனமான சுத்தியலை இளையவன் கையில் கொடுத்தார். "ஒரே அடி. யோசிச்சு அடிங்க, அடிச்சிட்டு யோசிக்காதீங்க." முட்டை நேராக்கவும் பார்வையால் அளக்கவும் கால்மணி நேரம் ஆயிற்று. ஓர் அடியில் பின் கீழே விழுந்தது. வளைந்துபோன முதல் பின்னைத் துளையிட்டு எடுக்க எங்களுக்கு அன்று மாலை வரை ஆயிற்று.

மூன்றாம் நாள் நடு அச்சு. அச்சின் இரு பக்கமும் குண்டுகள் உருளும் கிண்ணங்கள் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும். இடப்பக்கத்துக் கிண்ணம் பூட்டு வளையத்தோடு எளிதில் வந்துவிட்டது. அச்சை உருவினோம். பழைய கிரீஸ் அரக்குப் போல் உறைந்திருந்தது. வலப்பக்கத்துக் கிண்ணத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், குண்டுகள் ஓடிய பாதையில் அம்மைத் தழும்பு போல் குழிகள். குழி விழுந்த கிண்ணத்தில் புதுக் குண்டு போட்டால் சில வாரங்களில் அதையும் கெடுத்துவிடும். மாற்றியே ஆக வேண்டும். மூத்தவன் பெரிய ஸ்பானரோடு நட்டைக் கழற்றுவது போல இடமாகத் திருகினான். முன்னிரவிலேயே எண்ணெய் விட்டிருந்தோம், முட்டும் கொடுத்திருந்தோம், அளவும் சரியாக இருந்தது. கற்ற எல்லாவற்றையும் செய்தும் முற்பகல் முழுதும் அது நகரவில்லை.

பெரியவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். சிரித்தார். "ரெண்டு மணி நேரமா அதை இறுக்கிக்கிட்டு இருக்கீங்க தம்பி." வலப்பக்கக் கிண்ணத்துக்கு எதிர்மரை. மிதிக்க மிதிக்க அந்தப் பக்கத்துக் கிண்ணம் தானாகத் தளராமல் இருக்க, மரையைத் தலைகீழாக வெட்டியிருப்பார்கள். இடப்பக்கப் பெடலுக்கும் அப்படியே. வலமாகத் திருகினால்தான் கழலும். மூத்தவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. தவறான திசையில் எவ்வளவு பொறுமையாக முயன்றாலும் அது இறுக்கத்தையே கூட்டும் என்பதை அன்றிரவு அவன் எதைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னான்.

இறுக்கிவிட்ட கிண்ணத்தை எடுக்கப் பெரியவர் வேறு வழி சொன்னார். கிண்ணத்தின் வெளிவிளிம்பில் இரண்டு தட்டைப் பக்கங்கள் உண்டு. சட்டத்தைப் படுக்கவைத்து, அந்தத் தட்டைகளை மேசைப் பிடிப்பானில் கவ்வ வைத்தார். இப்போது கிண்ணம் அசையாது. சட்டத்தையே சுழற்ற வேண்டும். முன்பக்கத்தை மூத்தவனும் பின்பக்கத்தை இளையவனும் பிடித்துக்கொண்டு பிடிப்பானைச் சுற்றி நடந்தோம். ஒருவன் முந்தினால் கிண்ணம் பிடிப்பானிலிருந்து வழுக்கும். இருவரும் ஒரே வேகத்தில் காலடி வைக்க வேண்டும். முதல் சில அடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் விறகு பிளப்பது போன்ற ஓசை. அதன்பின் வலமாக, சுற்று மேல் சுற்றாக நடந்தோம். எண்ணவில்லை. கிண்ணம் தளர்ந்து வந்த பிறகும் ஒரு சுற்று கூடுதலாக நடந்துவிட்டோம் என்று பெரியவர் சொன்னார்.

எஞ்சியது இருக்கையைத் தாங்கும் குழல். இளையவன் அப்பாவைவிட அரையடி குட்டை. யாரிடம் கொடுத்தாலும் உயரத்தை மாற்ற முடிய வேண்டும். குழல் சட்டத்துக்குள் வெல்டு வைத்தது போல் பிடித்திருந்தது. மேலிருந்து விட்ட எண்ணெய் வழிந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. கிண்ணங்களை எடுத்துவிட்டதால் இப்போது இன்னொரு வழி இருந்தது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, நடு அச்சு இருந்த துளை வழியே எண்ணெயை ஊற்றினால், அது சட்டத்தின் உட்புறமாக ஓடி இருக்கைக் குழலின் அடிமுனையைச் சென்று சேரும். பின்னை எடுக்காமல் அச்சை எடுத்திருக்க முடியாது. அச்சை எடுக்காமல் இந்த வழி திறந்திருக்காது.

ஊற்றினால் எண்ணெய் துளையிலேயே தேங்கிற்று. கம்பியை வளைத்து விட்டுப் பார்த்தோம். சுருட்டிய துணி ஒன்று வந்தது. கிரீஸில் ஊறிய, அம்மாவின் பழைய வாயில் புடவைக் கிழிசல். மழையில் வண்டி ஓட்டும்போது இருக்கையின் பிளவு வழியாக இறங்கும் தண்ணீர் குண்டுகளை அடையாதிருக்க அப்பா அதை அடைத்திருக்கிறார். அது வேலையைச் செய்தது; அச்சில் நாங்கள் துருவைக் காணவேயில்லை. ஆனால் கீழே போக வழியற்ற ஈரம் எட்டு ஆண்டுகள் குழாய்க்குள்ளேயே நின்று, மேலே இருந்த குழலைத் துருவால் பிடித்துவிட்டது. அவர் கீழே காத்தது மேலே இறுகிற்று. ஓட்டிய காலத்தில் மாதம் ஒருமுறை இருக்கையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவார். அதனால் அப்போது சிக்கல் வரவில்லை. நிறுத்தி வைத்தபோதுதான் அந்தத் துணி எதிரியாயிற்று.

துணியை எடுத்துவிட்டு, பரணில் இருந்த மண்ணெண்ணெயையும் தையல் எந்திர எண்ணெயையும் கலந்து ஊற்றினோம். வண்டியை வீட்டுக் கொட்டிலுக்கே கொண்டுவந்து தலைகீழாக நிறுத்தியிருந்தோம். ஒரு மணிக்கொருமுறை குறைந்ததை நிரப்ப வேண்டும். வேறு வேலை கிடையாது. அந்த இரவில்தான் பேசினோம். கைகளுக்கு வேலை இருந்த நாட்களில் பேசியிருக்க மாட்டோம்.

"அன்னைக்கு வந்திருந்தா வேலை போயிருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணே" என்றான் இளையவன். "தெரிஞ்சும் கோபம் போகலை. தெரிஞ்சதாலயே போகலையோ என்னவோ."

மூத்தவன் சிறிது நேரம் எண்ணெய்ப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டிக்கெட் எடுத்தேன்டா" என்றான். "அப்பா மூச்சுக்குத் திணறுறார்னு நீ சொன்ன அன்னைக்கே எடுத்தேன். விடியறதுக்குள்ள நானே ரத்து பண்ணினேன். முடியலைன்னு எல்லாருக்கும் சொன்னேன். முடியாம இல்லை."

இளையவன் பதில் சொல்லவில்லை. எழுந்து எண்ணெய் ஊற்றினான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இந்த வரியைத் திருத்தும்போது அவன் சொல்கிறான். எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினேன், அவ்வளவுதான் என்கிறான். ஆனால் அடுத்த மணியில் மூத்தவன் தூங்கிவிட்டபோது அவனை எழுப்பாமல் அந்த முறையையும் தானே செய்தான் என்பதை இங்கே சேர்க்க மூத்தவன் விரும்புகிறான்.

இரண்டு இரவுகள் ஊறிய பிறகும் குழல் அசையவில்லை. வெளிக்குழாயின் மேல் கொதிநீர் ஊற்றி, அது விரியும் நேரத்தில் இருக்கையைப் பிடித்து இருவரும் முறுக்கினோம். இருக்கையின் கவ்விதான் குழலின் மேல் வழுக்கிற்று. பெரியவரிடம் கேட்டோம். தீச்சுடரால் சூடாக்கலாம், ஆனால் சட்டத்தின் வர்ணம் எரியும். அல்லது குழலை மேலே அறுத்துவிட்டு, வெற்று ரம்ப அலகை உள்ளே விட்டு நீளவாக்கில் கீறி எடுக்கலாம். நாலைந்து மணி நேர வேலை, கை சற்று ஆழமாகப் போனால் சட்டத்தையே அறுத்துவிடும். "வண்டி ஓடறதுக்கு இது வரவேண்டிய அவசியம் இல்லையே" என்றார். முதல் நாளாக இருந்தால் ரம்பத்தை எடுத்திருப்போம். அன்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்றோம். இருக்கை அப்பாவின் உயரத்திலேயே இருக்கட்டும்.

திரும்பப் பூட்டுவது ஒருநாள் வேலை. நடு அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொரு குண்டுகள், கால் அங்குல அளவு. கிரீஸைத் தடவி ஒவ்வொன்றாகப் பதித்தோம். இடக்கிண்ணத்தை அச்சில் ஆட்டம் அறும்வரை இறுக்கி, பிறகு இழையளவு தளர்த்த வேண்டும். பூட்டு வளையத்தை இறுக்கும்போது கிண்ணமும் கூடவே சிறிது நகர்ந்துவிடும் என்பதால் மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருந்தது. புதுக் காட்டர் பின்கள் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து நுழைத்தால் பெடல்கள் நேர்க்கோட்டில் நில்லாமல் கோணலாகும். சிறிது தூரம் ஓட்டியபின் பின்களை மறுபடி அடித்து நட்டை இறுக்கச் சொல்லி அனுப்பினார் பெரியவர்.

அந்திநேரத்தில் வாசலில் நிறுத்தினோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மூத்தவனுக்குக் கால் எட்டிற்று, அவன் ஏறினான். இளையவன் எங்கே உட்காருவது என்று ஒரு கணம் இருவருமே யோசித்தோம். நாற்பதைக் கடந்தவன் பார்க்கம்பியில் உட்கார முடியாது. கேரியரில் ஏறிக்கொண்டான். "பின்னாடி இப்படித்தான் குலுங்குமா?" என்று கேட்டான். "இதைவிடக் குலுங்கும், அப்ப ரோடு இல்லை" என்றான் மூத்தவன். வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பினோம். வந்ததும் பின்களை மறுபடி இறுக்கினோம்.

வீடு பதிவாகிவிட்டது. சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை, எடைக்கும் போடவில்லை. அது இப்போது இளையவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. நடு அச்சுக்கு மேலே துணி எதுவும் அடைக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது சுழலும் ஓசையை மஸ்கட்டுக்குத் தொலைபேசியில் கேட்க வைக்கிறான். இருக்கைக் குழலின் விளிம்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் உண்டு. அது வருமென்ற நம்பிக்கையில் இல்லை.